சரிவு நாளில் குவியும் சமிக்ஞைகளும் புதிய நுழைவுகளுக்கான வரம்பும்

பங்குகளைச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை வைத்திருந்து விற்கும் ஸ்விங் டிரேடிங்கில், ஏறுமுகத்தில் உள்ள பங்கு சற்றுத் தணியும்போது வாங்கும் முறையைக் கையாள்வோர் அனைவரும் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரே அனுபவத்தைச் சந்திக்கிறார்கள். வாரக்கணக்கில் நாளொன்றுக்கு ஒரு சமிக்ஞை தருவதற்கே தயங்கிய முறை, சந்தை ஒட்டுமொத்தமாகச் சரியும் ஒரு பிற்பகலில் முப்பது, நாற்பது பங்குகளை ஒருசேர வாங்கச் சொல்லும். கையில் பணம் இருக்கிறது, விதி நிறைவேறியிருக்கிறது, கடந்த காலச் சோதனை முடிவுகளும் இத்தகைய நாட்களில் வாங்குவது நல்லது என்றே சொல்கின்றன. அந்தப் பட்டியலில் எத்தனையை வாங்குவது என்ற கேள்விக்கு அந்த முறை எத்தகைய விடையை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பல ஆண்டு விளைவு அமைகிறது.

பேச்சு தெளிவாக இருப்பதற்காக மிக எளிய முறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பங்கின் இறுதி விலை அதன் கடந்த 200 நாள் சராசரிக்கு மேல் இருக்க வேண்டும். அதே சமயம் அன்றைய இறுதி விலை கடந்த ஏழு நாட்களின் இறுதி விலைகளில் மிகக் குறைவானதாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால் அன்றைய இறுதி விலையை ஒட்டி வாங்கி, இறுதி விலை ஐந்து நாள் சராசரியைத் தாண்டும் நாளில் விற்றுவிட வேண்டும். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; அதைத் தலா ஒரு லட்சம் கொண்ட பத்து இடங்களாகப் பிரித்து, ஓர் இடத்தில் ஒரு பங்கு மட்டுமே வைப்பது. முதல் விதி நெடுநாள் போக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்க்கிறது, இரண்டாவது விதி தற்காலிகத் தணிவைத் தேடுகிறது. இதைவிடச் சிக்கலான முறைகளும் இந்த இரண்டின் மாறுபாடுகளாகவே பெரும்பாலும் இருக்கின்றன.

இத்தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்கள் நினைவுகூரும் ஒரு செய்தி இங்கே பொருத்தமானது. கணினி பரவலாவதற்கு முன்னர், நாளிதழில் வரும் விலைப்பட்டியலைப் பார்த்து வரைபடத் தாளில் மாலைதோறும் பென்சிலால் புள்ளி வைத்தவர்களால் இருபது முப்பது பங்குகளுக்கு மேல் கண்காணிக்க இயலவில்லை. அவற்றிலும் ஒரே நாளில் மூன்று நான்குக்கு மேல் தரகரிடம் தொலைபேசியில் சொல்லி முடிப்பது அரிதாக இருந்தது. யாரும் விதியாக எழுதி வைக்காத ஒரு வரம்பு அவர்களுடைய உழைப்பின் எல்லையாலேயே அமைந்திருந்தது. தேசிய பங்குச் சந்தை 1994 நவம்பரில் திரைவழிப் பங்கு வணிகத்தைத் தொடங்கி, பின்னர் இணையவழி வணிகமும் ஸ்கேனர் எனப்படும் வடிகட்டும் மென்பொருள்களும் வந்த பிறகு, 500 பங்குகளைச் சில நொடிகளில் சலித்து, தேர்ந்தவை அனைத்திற்கும் ஒரே சொடுக்கில் ஆர்டர் அனுப்ப முடிந்தது. சமிக்ஞை தேடும் வேலையை எளிதாக்கிய அதே கருவி, பழைய வரம்பையும் சத்தமின்றி நீக்கிவிட்டது. இன்று அந்த வரம்பை முறைக்குள் விதியாகவே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

முப்பது சமிக்ஞைகள் ஒரே நாளில் வரும்போது அவற்றுக்குக் காரணம் முப்பது நிறுவனங்களின் தனித்தனி நிலைமைகள் அல்ல. அந்நிய நிறுவன முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பப் பெறுகிறார்கள், குறியீட்டு நிதிகள் கூடையிலுள்ள எல்லாப் பங்குகளையும் ஒரே விகிதத்தில் விற்கின்றன, கடன் வாங்கிப் பங்கு வைத்திருந்தவர்கள் மார்ஜின் அழைப்பைச் சமாளிக்க எது விற்குமோ அதை விற்கிறார்கள். நல்ல பங்கு, சுமாரான பங்கு என்ற வேறுபாடு அப்போது விற்பவர் கண்ணில் படுவதில்லை. இதனால் பங்குகளுக்கிடையே உள்ள ஒட்டுறவு, அதாவது ஒன்று அசையும்போது மற்றொன்றும் அதே திசையில் எவ்வளவு அசைகிறது என்பதன் அளவு, சரிவு நாட்களில் உயர்ந்துவிடுகிறது. ஒரே அளவு ஏற்ற இறக்கம் கொண்ட பத்துப் பங்குகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.2 என்றால், அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏறத்தாழ 3.6 பங்குகளுக்குச் சமமான பரவலைத் தருகின்றன, அது 0.7 ஆக உயர்ந்தால் பத்தும் சேர்ந்து 1.4 பங்குக்குச் சமமாகிவிடுகின்றன. ஆகவே, அமைதியான சந்தையில் பத்து வாரங்களில் ஒவ்வொன்றாக வாங்கிய பத்துப் பங்குகளும், சரிவு நாளில் ஒருசேர வாங்கிய பத்துப் பங்குகளும், கணக்கேட்டில் ஒரே மாதிரி பத்து வரிகளாகத் தெரிந்தாலும், ஆபத்தின் அளவில் முற்றிலும் வேறானவை. பின்னது ஒரே பெரிய பந்தயம்.

இந்தப் பந்தயம் எப்படி நடந்தேறுகிறது என்பதற்கு 2020-ஆம் ஆண்டின் கொரோனா சரிவைவிடத் தெளிவான சான்று அண்மைக் காலத்தில் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 24, திங்கட்கிழமையன்று, இத்தாலியில் தொற்று பரவிய செய்தியை அடுத்து நிஃப்டி 251 புள்ளிகள் குறைந்து 11,829.40-இல் முடிந்தது, அது கடந்த ஏழு நாட்களில் மிகக் குறைந்த இறுதி விலை. முந்தைய மாதங்களின் ஏற்றத்தால் பல பங்குகள் தத்தம் 200 நாள் சராசரிக்கு மேலேயே இருந்தமையால், முதல் விதி அவற்றைத் தடுக்கவில்லை. அடுத்த நான்கு நாட்களிலும் நிஃப்டி 11,797.90, 11,678.50, 11,633.30, 11,201.75 என ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கீழே முடிந்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் வீழ்ச்சி மட்டும் 431 புள்ளிகள்.

வாங்கிய பங்குகள் யாவும் சராசரியாக நிஃப்டியைப் போலவே அசைந்தன என்று கணக்கிற்காகக் கொள்வோம். வரம்பு ஏதும் இல்லாத முறை திங்கட்கிழமை மாலையே பத்து இடங்களையும் நிரப்பியிருக்கும். நாளொன்றுக்கு இரண்டு புதிய நுழைவுகள் மட்டுமே என்ற வரம்பு கொண்ட முறை, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு இரண்டாக அதே பத்து இடங்களை நிரப்பியிருக்கும். நிஃப்டி ஐந்து நாள் சராசரியை மறுபடி தாண்டியது மார்ச் 5-ஆம் தேதி, 11,269.00 என்ற அளவில்; விதிப்படி அன்று இருவரும் விற்கிறார்கள். வரம்பில்லாதவருக்கு இழப்பு சுமார் 47,400 ரூபாய். வரம்பு வைத்தவருக்குச் சுமார் 30,500 ரூபாய். அவர் வெள்ளிக்கிழமை வாங்கிய இரண்டு பங்குகளில் சிறிய ஆதாயம்கூட இருந்தது.

இந்த வேறுபாடு மதிப்புள்ளதுதான், ஆனால் வரம்பு எதைச் செய்யவில்லை என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன. தினசரி வரம்பு நுழைவுகளைக் காலத்தில் பரப்புகிறது. மொத்தச் சுமையை அது குறைப்பதில்லை. ஐந்து நாட்கள் தொடர்ந்து சரிந்தால், ஐந்தாம் நாள் மாலை இருவருமே முழு மூலதனத்தோடு சந்தைக்குள் நிற்கிறார்கள்.

மார்ச் மாதத்தின் அடுத்த கட்டத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. மார்ச் 5 மாலை ஒரு தனியார் வங்கியின் மீது ரிசர்வ் வங்கியின் பரிந்துரைப்படி பணமெடுப்புக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. மறுநாள் நிஃப்டி 10,989.45-இல் முடிந்து மீண்டும் ஏழு நாள் குறைந்தபட்சத்தைத் தொட்டது. மீண்டும் பத்து லட்சத்தோடு இருவரும் தொடங்குவதாகவே கொண்டால், வரம்பில்லாதவர் அன்றே பத்து இடங்களையும் நிரப்புகிறார். வரம்பு வைத்தவர் அன்று இரண்டும், நிஃப்டி 10,451.45-க்கு வந்த மார்ச் 9 அன்று இரண்டும் வாங்குகிறார். மார்ச் 10 விடுமுறை, மார்ச் 11-இன் இறுதி விலை 9-ஆம் தேதியினுடையதைவிடச் சற்று மேலே இருந்ததால் அன்று புதிய சமிக்ஞை இல்லை. மார்ச் 12 அன்று நிஃப்டி ஒரே நாளில் 868 புள்ளிகள், அதாவது 8.3 விழுக்காடு வீழ்ந்து 9,590.15-இல் முடிந்தபோது, முதலாமவர் சுமார் 1,27,000 ரூபாய் இழப்பிலும், இரண்டாமவர் சுமார் 42,000 ரூபாய் இழப்பிலும் இருந்தனர். மறுநாள் காலை சந்தை திறந்த சில நிமிடங்களிலேயே பத்து விழுக்காடு வீழ்ச்சி எல்லையைத் தொட்டு வணிகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அந்த 45 நிமிடங்களில் ஸ்டாப் லாஸ் எனப்படும் இழப்புத் தடுப்பு ஆர்டர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. சந்தை மீண்டும் திறந்து அன்றைய முடிவில் ஏற்றம் கண்டது. ஆனால் முழு மூலதனத்தையும் ஏற்றி வைத்திருந்தவர் அந்த இடைவெளியில் தம் திட்டப்படி எதையும் செய்ய இயலாமல் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் கட்டத்தில் வரம்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழப்பைத் தவிர்த்தது, இரண்டாம் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்த்தது. மெல்லப் பல நாட்கள் தேயும் சரிவில் தினசரி வரம்பின் பயன் குறைவு. ஓரிரு பெரிய அடிகளாக விழும் சரிவில் அதன் பயன் அதிகம் என்பதே இதன் பொருள். எனவே தேயும் சரிவுக்கென்று அனுபவமுள்ளவர்கள் இரண்டாவது விதி ஒன்றைச் சேர்க்கிறார்கள்: தொடர்ந்து இரண்டு நாட்கள் வரம்பு முழுதாக நிரம்பிய பிறகு, அவ்வாறு வாங்கியவற்றில் ஒன்றாவது வாங்கிய விலைக்கு மேல் முடியும் வரை புதிதாக எதையும் வாங்குவதில்லை. பிப்ரவரி எடுத்துக்காட்டில் இந்த விதி திங்கள், செவ்வாய் இரண்டு நாட்களோடு, நான்கு பங்குகளோடு நின்றிருக்கும். மார்ச் 5-இல் இழப்பு சுமார் 18,400 ரூபாயாக முடிந்திருக்கும். தினசரி வரம்பு வேகத்தைக் கட்டுகிறது, இந்த இரண்டாவது விதி மொத்தச் சுமையைக் கட்டுகிறது. ஒன்றை வைத்து மற்றொன்றை விட்டவர்கள் 2020-இல் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

வரம்புக்கு ஒரு செலவு உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 2024 ஜூன் 4 அன்று மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியானபோது நிஃப்டி 1,379 புள்ளிகள் வீழ்ந்து 21,884.50-இல் முடிந்தது, மறுநாளே 22,620.35-க்கு ஏறி ஐந்து நாள் சராசரியைத் தாண்டியது. மேற்சொன்ன கணக்குப்படி, வரம்பில்லாதவர் ஒரே நாளில் சுமார் 33,600 ரூபாய் ஈட்டியிருப்பார். இரண்டு பங்குகள் மட்டும் வாங்கியவருக்குச் சுமார் 6,700 ரூபாய்தான். ஏனைய எட்டு இடங்களும் வெறுமையாக இருந்தபடியே வாய்ப்பு கடந்து சென்றது. இத்தகைய ஒரு நாளுக்குப் பின்னர் வரம்பை நீக்கிவிட வேண்டும் என்ற உந்துதல் மிகக் கடுமையாக எழுகிறது. அவ்வாறு நீக்கியவர்கள் பலர் அதை அடுத்த சரிவுக்குச் சற்று முன்னரே செய்து முடிக்கிறார்கள். சரிவு நாள் மாலையில் அது 2020 மார்ச் 12-ஆ, 2024 ஜூன் 4-ஆ என்று சொல்லத்தக்க குறி எதுவும் விலைகளில் இல்லை. வரம்பு எதிர்காலத்தைக் கணிக்க முயல்வதில்லை. கணிக்க முடியாத இரண்டு விளைவுகளில், தாங்க முடியாததின் பக்கம் செலவைக் குறைத்து, தாங்கக்கூடியதின் பக்கம் சிறிது ஆதாயத்தை விட்டுக்கொடுக்கிறது.

வரம்பின் எண்ணை எப்படி நிர்ணயிப்பது என்பதற்கு, சோதனையில் மிக அதிக லாபம் தந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது நல்ல வழியல்ல. பெரிய சரிவுகள் பத்தாண்டுகளில் சிலவே என்பதால், அந்தத் தேடலில் வெல்லும் எண் அந்தச் சில நாட்களின் தற்செயலைப் பிரதிபலிக்கும். தாங்கக்கூடிய இழப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே உறுதியான வழி. இன்று வாங்கியவை நாளையே மார்ச் 12 போன்ற 8.3 விழுக்காட்டு வீழ்ச்சியைச் சந்தித்தால், புதிய நுழைவுகளால் மட்டும் மூலதனத்தில் எவ்வளவு குறையலாம் என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அந்த வீழ்ச்சி 16,600 ரூபாயைக் கரைக்கும். பத்து லட்சத்தில் அது 1.7 விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவு. இரண்டு விழுக்காடு தாங்கலாம் என்பவருக்கு வரம்பு இரண்டு. மூன்று விழுக்காடு தாங்கலாம் என்பவருக்கு மூன்று. மூலதனத்தை இருபது இடங்களாகப் பிரித்தவர் இதே கணக்கில் நான்கு வரை செல்லலாம், ஏனெனில் அவருடைய ஒவ்வோர் இடமும் ஐம்பதாயிரம்தான்.

நாற்பதில் இரண்டை மட்டும் வாங்குவது என்று முடிவான பிறகு, எந்த இரண்டு என்ற கேள்வி வருகிறது. பலருடைய முறை இங்கேதான் சத்தமின்றிப் பழுதடைகிறது. கடந்த காலத் தரவில் முறையை ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் பலவற்றில், வரிசைப்படுத்தும் அளவுகோல் கொடுக்கப்படாவிட்டால், பணம் தீரும் வரை பங்குகள் ஆங்கில அகரவரிசையில் எடுத்துக்கொள்ளப்படும். A என்ற எழுத்தில் தொடங்கும் நிறுவனங்களின் நல்வினையோ தீவினையோ அந்த அறிக்கையின் லாபமாக வெளிவரும். வாங்கும், விற்கும் விதிகளை மாற்றாமல், தேர்வைத் தற்செயலாக்கி நூறு முறை ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் இறுதி லாபம் எவ்வளவு விலகுகிறது என்பது தெரியும். விலகல் மிகப் பெரிதாக இருந்தால், அந்த முறையின் அறிக்கை குவிந்த நாட்களில் எந்தப் பங்கு கிடைத்தது என்ற அதிர்ஷ்டத்தையே பெரிதும் சொல்கிறது என்று பொருள்.

மிக அதிகமாக வீழ்ந்த பங்கை முதலில் எடுக்கும் அளவுகோல் பலருக்கு இயல்பாகத் தோன்றும், ஏனெனில் தணிவு ஆழமாக இருந்தால் மீட்சியும் பெரிதாக இருக்கும் என்பது இத்தகைய முறைகளின் அடிப்படை நம்பிக்கை. அமைதியான நாட்களில் அது ஓரளவு சரியாகவே இயங்குகிறது. சரிவு நாளில் அதே அளவுகோல் சந்தையைவிட வேகமாக விழும் ஒரே துறையின் பங்குகளைப் பட்டியலின் தலைக்குக் கொண்டுவருகிறது: 2020 பிப்ரவரி 24 அன்று உலோகத் துறை மிகக் கடுமையாக அடிபட்டது, மார்ச் 6 அன்று வங்கிப் பங்குகளின் மேல் அச்சம் படர்ந்தது. இரண்டு இடங்களையும் அன்றைய நெருக்கடியின் மையத்திலேயே வைத்துவிட்டால், வரம்பு தந்த பாதுகாப்பில் பாதி போய்விடும். ஆகவே ஒரு துறைக்கு ஒரு பங்கு என்ற துணைவிதியைச் சேர்த்து, கடந்த ஆறு மாதத்தில் சந்தையைவிட வலுவாக ஏறிய பங்குகளுக்கு முன்னுரிமை தருவதே நடைமுறையில் நிதானமான வழியாக இருந்து வருகிறது. வரம்பினால் விடுபட்ட பங்குகளை மறுநாளுக்கென்று எடுத்து வைப்பதும் கூடாது. நேற்றைய சமிக்ஞை நேற்றோடு காலாவதியாகிறது, இன்று மீண்டும் விதியை நிறைவேற்றினால் மட்டுமே அந்தப் பங்கு இன்றைய பட்டியலில் புதிதாக இடம்பெற வேண்டும்.

ஆர்டர் இடும் விதத்தில் உள்ள ஒரு பொறி தனியாகச் சொல்லத்தக்கது. இறுதி விலையில் வாங்காமல், மறுநாள் விலை இன்னும் மூன்று விழுக்காடு குறைந்தால் வாங்குவது என்று காலையிலேயே லிமிட் ஆர்டர்களை, அதாவது குறிப்பிட்ட விலைக்கு மேல் வாங்காத ஆர்டர்களை, இருபது பங்குகளுக்கு இட்டு வைக்கும் பழக்கம் உண்டு. சாதாரண நாளில் அவற்றில் ஒன்றிரண்டே நிறைவேறும் என்பதால், இருபது ஆர்டர்கள் இருந்தும் நாளொன்றுக்கு இரண்டு வாங்கியதாகவே கணக்கில் தெரியும். முறைக்கு வரம்பு இருப்பதாகவும் அதை இயக்குபவர் நம்பிக்கொண்டிருப்பார். சந்தை மொத்தமாக நான்கு விழுக்காடு விழும் நாளில் இருபதில் பெரும்பாலானவை மதியத்திற்குள் நிறைவேறிவிடும். கணினிச் சோதனையோ, அன்றைக்கு நிறைவேறியவற்றுள் தரவரிசையில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டதாகக் காட்டும். எவை நிறைவேறும் என்று காலை ஒன்பதே காலுக்கு யாருக்கும் தெரியாது என்பது சோதனைக்குத் தெரியாது. இதற்குத் தீர்வு எளியது, ஆனால் லாபத்தைச் சற்றுக் குறைப்பது: வரம்பு இரண்டு என்றால் ஆர்டரும் இரண்டே இடப்பட வேண்டும், சோதனையிலும் தரவரிசைப்படி முதல் இரண்டுக்கே ஆர்டர் இட்டதாகக் கொண்டு, அவை நிறைவேறாத நாளில் எதுவும் வாங்கவில்லை என்று எழுத வேண்டும்.

இறுதி விலையில் வாங்குவோருக்கும் இதைப் போன்ற ஓர் இடைவெளி இருக்கிறது. தேசிய பங்குச் சந்தையின் அதிகாரபூர்வ இறுதி விலை, கடைசி அரை மணி நேரத்தில் நடந்த வணிகங்களின் அளவு சார்ந்த சராசரியாகக் கணக்கிடப்பட்டு வந்ததால், மூன்று இருபதுக்குத் திரையில் தெரிந்த விலையும் மாலையில் பதிவாகும் விலையும் சரிவு நாட்களில் கணிசமாக வேறுபடும். மூன்று இருபதுக்குப் பட்டியலில் இருந்த சில பங்குகள் மாலைத் தரவில் இருக்காது. இல்லாத சில சேர்ந்திருக்கும். ஆகையால் நடைமுறையில் வாங்கிய இரண்டையும் சோதனை வாங்கச் சொன்ன இரண்டையும் அருகருகே எழுதி வைக்கும் பதிவேடு, குவிந்த நாட்களுக்கு மட்டுமாவது அவசியம்.

இத்தகைய முறையை இயக்கும் வாசகர், வரம்பைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்னர், தம் பத்தாண்டுச் சோதனை அறிக்கையிலிருந்து ஒரு நாளில் எத்தனை சமிக்ஞைகள் வந்தன என்ற எண்ணிக்கையை மட்டும் தனியே பிரித்தெடுத்து, ஐந்துக்கு மேல் வந்த நாட்களை ஒரு தாளில் தேதியோடு எழுதிப் பார்க்க வேண்டும். அந்தத் தேதிகளில் வாங்கியவை மொத்த லாபத்தில் எவ்வளவு, மொத்த இழப்பில் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்த பிறகு, தம் முறை உண்மையில் எத்தனை தனித்தனி முடிவுகளின் மேல் நிற்கிறது என்பதை அவரே அறிவார். வரம்பின் எண்ணை அந்தத் தாளை வைத்துக்கொண்டே எழுத வேண்டும்.